காற்றை விற்றே நிலைக்கும் லாபம்: போட்டியாளர் ஏன் உள்ளே வருவதில்லை?

ஒரு நிறுவனம் தன் மூலதனத்துக்கு ஆகும் செலவைவிட அதிகமாக ஆண்டுக்கணக்கில் சம்பாதிக்கிறது என்றால், கையில் பணம் உள்ள வேறு யாராவது அதே தொழிலைத் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கினால் சரக்கு பெருகும், விலை இறங்கும், லாபம் எல்லோருக்கும் கிடைக்கும் சாதாரண அளவுக்கு வந்து நிற்கும். அப்படி நடக்கவிடாமல் குறுக்கே நிற்பதைத்தான் முதலீட்டாளர்கள் 'அகழி' என்கிறார்கள். அது எது என்று கேட்டால் பிராண்ட், காப்புரிமை, ரகசியத் தொழில்நுட்பம், திறமையான நிர்வாகம் என்று சட்டென்று பதில் வரும். இவற்றில் எதுவுமே பெரிதாக இல்லாமல் லாபம் மட்டும் நிலைத்து நிற்கும் ஒரு தொழிலை எடுத்துப் பிரித்துப் பார்த்தால், அகழி எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன், நைட்ரஜன், ஆர்கான் விற்கும் தொழில் அப்படிப்பட்டது. இதன் மூலப்பொருள் காற்று. அதில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், ஆர்கான் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. எங்கும் இலவசமாகக் கிடைக்கிறது, யாருக்கும் சொந்தமில்லை. விற்கும் பொருளிலும் தனித்தன்மை கிடையாது. ஒரே தரத்தில் ஒரு கம்பெனி தரும் ஆக்சிஜனுக்கும் இன்னொரு கம்பெனி தரும் ஆக்சிஜனுக்கும் உருக்காலையின் உலை வித்தியாசம் பார்க்காது. தொழில்நுட்பமும் பழையது. கார்ல் வான் லிண்டே காற்றைத் தொழில் அளவில் திரவமாக்கியது 1895இல். காற்றைப் பிரிக்க இன்றும் பெரிய ஆலைகளின் நடுவே நிற்கும் இரட்டை வடிகலன் 1910இல் வந்தது. அந்தக் காப்புரிமைகள் காலாவதியாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது. பணம் கொடுத்தால் ஆலையை வடிவமைத்து, நிறுவி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போகும் பொறியியல் நிறுவனங்களும் உண்டு.

ஆனாலும் இந்தத் துறையின் மிகப்பெரிய நிறுவனமான லிண்டே 2023இல் சுமார் 3,290 கோடி டாலருக்கு விற்று, சரிசெய்யப்பட்ட இயக்க லாபமாக 27.6 சதவீதம் காட்டியது. 'சரிசெய்யப்பட்ட' என்ற சொல்லைக் கண்டால் சந்தேகப்படுவது நல்ல பழக்கம்தான். 2018இல் பிராக்ஸ்ஏர் என்ற அமெரிக்க வாயு நிறுவனத்தோடு இணைந்தபோது ஏடுகளில் ஏற்றப்பட்ட சொத்து மதிப்பின் தேய்மானம் போன்றவற்றைக் கழிக்காமல் வரும் எண் அது. அவற்றையும் கழித்துப் பார்த்தால் 24 சதவீதத்துக்குச் சற்று மேல் நிற்கும். காற்றைப் பிரித்து விற்பவருக்கு அதுவும் மிக அதிகம்.

தூரம்

காற்றைச் சுத்தம் செய்து, அழுத்தி, மைனஸ் 180 டிகிரிக்கும் கீழே குளிர்விக்கிறார்கள். ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸிலும் ஆர்கான் மைனஸ் 186இலும் நைட்ரஜன் மைனஸ் 196இலும் கொதிக்கின்றன. இந்தச் சிறு இடைவெளிகளை வைத்து உயரமான கோபுரங்களுக்குள் அவற்றைப் பிரிக்கிறார்கள். மூலப்பொருளுக்குக் காசில்லை, ஆனால் மின்சாரத்துக்கு உண்டு. ஒரு டன் திரவ ஆக்சிஜனுக்கு, ஆலையைப் பொறுத்து, ஏறத்தாழ 400 முதல் 600 யூனிட் வரை ஆகும்.

திரவமாக்குவதே எடுத்துச் செல்வதற்காகத்தான். ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் ஆவியானால் சுமார் 860 லிட்டர் வாயு ஆகும். திரவமாக ஒரு டேங்கரில் 20 டன் அளவுக்கு ஏற்றலாம். ஆனால் ஒரு டன்னின் விலை மிகக் குறைவு. டேங்கர் போகும்போது நிறைந்தும் வரும்போது வெறுமையாகவும் ஓடுகிறது, டீசலும் ஓட்டுநர் சம்பளமும் இரு வழிக்கும் சேர்த்து. ஆலையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தாண்டினால், பொருளின் விலைக்கு ஈடாக வண்டிச் செலவே வந்துவிடும். பொதுவாக 250 முதல் 400 கிலோமீட்டருக்குள்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. ஆர்கானுக்கு விலை அதிகம், அதனால் அது இன்னும் தூரம் போகும். ஹீலியம் கடல் கடந்தே போகிறது. அவற்றின் கதை வேறு.

ஆகவே ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் உலகச் சந்தை என்று ஒன்று கிடையாது. சில நூறு கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டச் சந்தைகள்தான் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 'இந்த நிறுவனத்துக்கு உலக அளவில் இத்தனை சதவீதப் பங்கு' என்ற எண் இங்கே ஏறக்குறைய பயனற்றது. பத்து வட்டங்களில் பத்து பத்து சதவீதம் வைத்திருப்பவர் எல்லா இடத்திலும் நஷ்டப்படலாம். ஒரே வட்டத்தில் முழுப் பங்கும் வைத்திருப்பவர் அங்கே நன்றாகச் சம்பாதிக்கலாம்.

ஒரு வட்டத்தின் கணக்கு

இனி ஒரு வட்டத்தை எடுத்துக் கணக்கைப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் தொழிலில் காணப்படுவதை ஒட்டியே இருக்கிறது.

வட்டத்தின் நடுவில் ஓர் உருக்காலை. அதற்கு நாள்தோறும் 1,500 டன் ஆக்சிஜன் வாயு குழாய் வழியாக வேண்டும். சுற்றிலும் மருத்துவமனைகள், கண்ணாடித் தொழிற்சாலைகள், உணவு உறையவைக்கும் ஆலைகள், வெல்டிங் பட்டறைகள் எல்லாமாகச் சேர்ந்து நாளுக்கு 300 டன் திரவ வாயு வாங்குகின்றன. உருக்காலைக்காகக் காற்றுப் பிரிப்பு ஆலையை நிறுவும்போதே வாயு நிறுவனம் அதைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டி, திரவமாக்கும் பகுதியையும் சேமிப்புத் தொட்டிகளையும் சேர்த்துவிடுகிறது. அந்தக் கூடுதல் வேலைக்கு 4 கோடி டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலையின் மற்ற முதலீட்டை உருக்காலை தன் மாதக் கட்டணத்தில் திருப்பிக் கொடுத்துவிடும்.

போட்ட பணம் 15 ஆண்டில் 10 சதவீத வருமானத்தோடு திரும்ப வேண்டுமானால், ஒவ்வோர் ஆண்டும் முதலீட்டில் 13.15 சதவீதம் வந்தாக வேண்டும். 4 கோடிக்கு அது ஆண்டுக்குச் சுமார் 52.6 லட்சம் டாலர். ஆண்டுக்கு 350 நாள் ஓடினால் 300 டன் வீதம் 1,05,000 டன். டன்னுக்கு 50 டாலர் மூலதனச் செலவு. மின்சாரம் 500 யூனிட், யூனிட் 8 சென்ட் என்றால் 40 டாலர். ஆலைப் பராமரிப்புக்கும் ஆட்களுக்கும் ஆண்டுக்கு 20 லட்சம் டாலர், டன்னுக்கு 19. வண்டிச் செலவு 20. ஆகமொத்தம் டன்னுக்கு 129 டாலர். இவர் 190 டாலருக்கு விற்கிறார்.

டன்னுக்கு 61 டாலர் உபரி. மூலதனச் செலவுக்கு ஒதுக்கியதையும் சேர்த்தால், போட்ட 4 கோடிக்கு ஆண்டுக்குச் சுமார் 1.17 கோடி டாலர் வருகிறது. முதலீட்டில் 29 சதவீதம். இதைப் பார்த்து எந்தப் போட்டியாளருக்கும் நாக்கில் எச்சில் ஊறும்.

இப்போது போட்டியாளரின் மேசைக்கு வருவோம். அவருக்கு உருக்காலை இல்லை. தனியாக நாளுக்கு 300 டன் திரவ ஆலை கட்ட 8 கோடி டாலர். மொத்தச் சந்தையும் அவருக்கே வந்தால் மூலதனச் செலவு டன்னுக்கு 100, மற்றவை முன்போலவே 79. ஆகமொத்தம் 179 டாலர். 190 என்ற விலையில் இதுவும் கட்டுப்படியாகும். ஆனால் மொத்தச் சந்தையும் வரப்போவதில்லை. ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பாதி கிடைக்கும் என்று எண்ணி 150 டன் ஆலை கட்டினால், செலவும் பாதியாகிவிடுமா என்றால் ஆகாது.

இங்கேதான் ரசாயனப் பொறியாளர்களின் '0.6 விதி' வருகிறது. ஆலையின் விலை அதன் கொள்ளளவின் 0.6 அடுக்குக்கு ஏற்ப நகர்கிறது. கொள்ளளவைப் பாதியாக்கினால் விலை பாதியாவதில்லை, 66 சதவீதத்தில் நிற்கிறது. ஒரு கலனின் கொள்ளளவு கன அளவோடு வளர்கிறது, அதைச் செய்யும் உலோகமோ மேற்பரப்போடுதான் வளர்கிறது என்பது அடிப்படைக் காரணம். கட்டுப்பாட்டுக் கருவிகள், மின் இணைப்பு, அனுமதிகள் போன்றவை அளவு குறைந்தாலும் அதிகம் குறைவதில்லை என்பது இன்னொன்று. ஆகவே 150 டன் ஆலைக்கு 5.3 கோடி டாலர். ஆண்டுக்கு 52,500 டன்தான் வரும். மூலதனச் செலவு டன்னுக்கு 133 டாலர். சிறிய ஆலையின் கம்ப்ரசர்களில் திறன் சற்றுக் குறைவு, எனவே மின்சாரம் 44. பராமரிப்புக்கு அதே 20 லட்சம், ஆனால் பாதி டன்னில் பங்கிட வேண்டும் என்பதால் 38. வாடிக்கையாளர்கள் சிதறிக் கிடப்பதால் ஒரு நடைக்கு அதிக கிலோமீட்டர், வண்டிச் செலவு 26. ஆகமொத்தம் 241 டாலர்.

விலையோ 190. அதுவும் அவர் வருவதற்கு முன்பு இருந்த விலை.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பலர் தவறுகிறார்கள். புதிதாக வருபவர் பார்க்க வேண்டியது இன்றைய விலையை அல்ல, தான் வந்த பிறகு இருக்கப்போகும் விலையை. ஏற்கெனவே இருப்பவரின் 4 கோடி டாலர் மண்ணில் புதைந்தாகிவிட்டது. ஆலையைப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது. ஒரு வாடிக்கையாளரை இழக்கப் போகிறோம் என்ற நிலையில் அவருக்குக் கணக்கில் நிற்பது மின்சாரமும் வண்டியும் மட்டுமே, ஏறத்தாழ 60 டாலர். அதற்கு மேல் எந்த விலைக்கு விற்றாலும் விற்காமல் இருப்பதைவிட மேல். 190 என்பது சண்டை இல்லாத காலத்து விலை. சண்டை வந்தால் அது 120க்கோ 100க்கோ இறங்கலாம். போட்டியாளருக்கு இது தெரியும். தெரியும் என்பது இருப்பவருக்கும் தெரியும். 29 சதவீத வருமானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே அவர் வராமல் இருப்பது இதனால்தான்.

கவனித்தால், 'இருப்பவரின் செலவு குறைவு' என்பது மட்டும் இங்கே அகழி ஆகிவிடவில்லை. சந்தை சிறியது, ஆலை பெரியது, போட்ட பணத்தை வெளியே எடுக்க முடியாது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஒன்று விலகினாலும் கணக்கு மாறிவிடும். உதாரணத்துக்கு, ஆலையை எளிதில் விற்றுவிட்டு வெளியேற முடியுமானால் இருப்பவர் சண்டை போடாமல் கிளம்பிவிடலாம். அது தெரிந்தால் போட்டியாளருக்குத் துணிச்சல் வரும்.

வாசலில் நிற்கும் தொட்டி

மேலே சொன்ன கணக்கு இன்னும் ஒரு விஷயத்தில் போட்டியாளருக்கு இரக்கம் காட்டுகிறது. பாதிச் சந்தை முதல் நாளே கிடைத்துவிடும் என்று அது வைத்துக்கொள்கிறது.

உண்மையில் வாடிக்கையாளரின் வளாகத்தில் கான்கிரீட் மேடை மேல் நிற்கும் வெற்றிடக் காப்புத் தொட்டி பெரும்பாலும் வாயு நிறுவனத்துக்குச் சொந்தம். வாடிக்கையாளர் வாடகை கட்டுகிறார். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை டெலிமெட்ரி கருவி நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் போன் செய்ய வேண்டியதில்லை, தொட்டி தீரும் முன் வண்டி வந்துவிடும். ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு. குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்து மூலம் விலகல் அறிவிப்பு கொடுக்காவிட்டால் தானாகவே நீளும் என்ற ஷரத்து வழக்கமாக இருக்கும். அந்தத் தேதியைத் தவறவிட்ட கொள்முதல் அதிகாரி இன்னொரு சுற்று காத்திருக்க வேண்டியதுதான்.

நம் வட்டத்தில் ஒப்பந்தங்கள் ஐந்தாண்டு என்றால், ஒவ்வோர் ஆண்டும் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 60 டன்தான் புதுப்பிப்புக்கு வரும். அதில் பாதியை வென்றாலும் ஆண்டுக்கு 30 டன். 150 டன் ஆலையை நிரப்ப ஐந்து ஆண்டு ஆகும். அதுவரை ஆலை ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று ஓட வேண்டும். குளிர்நிலை ஆலைகளை அந்த அளவுக்கு இறக்கி ஓட்டினால் டன்னுக்கு ஆகும் மின்சாரம் எகிறும். அல்லது நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் மீண்டும் குளிர்வித்து, தூய்மை நிலைபெறும் வரை உற்பத்தியை வெளியே விட வேண்டியிருக்கும்.

சப்ளையரை மாற்றுவதில் வாடிக்கையாளருக்கும் தலைவலி உண்டு. பழைய தொட்டியைக் கிரேன் வைத்து எடுத்து, புதியதை இறக்கி, குழாய்களைச் சோதித்து, பாதுகாப்பு ஆய்வு முடிக்க வேண்டும். ஒரு மணி நேரம்கூட வாயு நிற்கக்கூடாத இடமென்றால் இரண்டு தொட்டிகளும் சில நாள் அருகருகே நிற்க வேண்டும். கண்ணாடித் தொழிற்சாலையின் மொத்தச் செலவில் வாயு ஒரு சிறு பங்கு. அது நின்றால் ஆகும் சேதமோ மிகப் பெரிது. ஐந்து சதவீத விலைக் குறைப்புக்காக உற்பத்தி மேலாளர் அந்த ஆபத்தை எடுக்க மாட்டார். பத்துப் பதினைந்து சதவீதம் கொடுத்தால்தான் பேச்சே தொடங்கும். அவ்வளவு குறைக்கும் அளவுக்கு அவகாசம் போட்டியாளரின் 241இல் இல்லை.

தொட்டியையே அகழி என்று நினைத்துவிடக்கூடாது. மாறுவதற்கு ஆகும் செலவு மட்டும் இருந்து, போட்டியாளரின் ஆலை அருகிலேயே குறைந்த செலவில் ஓடினால், தொட்டிகள் ஒவ்வொன்றாக மாறிவிடும். தொட்டி செய்வது தாமதப்படுத்துவது. ஆனால் மூலதனம் நிறைந்த தொழிலில் ஐந்தாண்டு தாமதமே ஒரு திட்டத்தைக் கொல்லப் போதுமானது.

வாங்கித்தான் நுழைந்தார்கள்

இந்தக் கணக்கு ஏட்டில் மட்டும் இல்லை என்பதை 2018இல் பார்க்க முடிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் லிண்டேயும் அமெரிக்காவின் பிராக்ஸ்ஏரும் இணைந்தபோது, போட்டிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் சில சொத்துகளை விற்றால்தான் அனுமதி என்றன. உலகப் பங்கைக் கூட்டிப் பார்த்து அவர்கள் முடிவெடுக்கவில்லை. திரவ ஆக்சிஜன், நைட்ரஜன் விஷயத்தில் பிராந்தியம் பிராந்தியமாகப் பார்த்தார்கள். வண்டி எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விதான் சந்தையின் எல்லையை வரைந்தது.

பிராக்ஸ்ஏரின் ஐரோப்பியத் தொழிலை ஜப்பானின் தாயோ நிப்பான் சான்சோ 500 கோடி யூரோவுக்கு வாங்கியது. லிண்டேயின் அமெரிக்க மொத்த வாயுத் தொழிலின் பெரும்பகுதியையும் வேறு சில சொத்துகளையும் மெஸ்ஸரும் சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து சுமார் 330 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டன. மெஸ்ஸர் இந்தத் தொழிலிலேயே பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனம். ஆலை கட்ட அதற்குத் தெரியாததில்லை. ஆனாலும் அமெரிக்காவில் பெரிதாக நுழைய, வாடிக்கையாளரோடும் தொட்டிகளோடும் ஒப்பந்தங்களோடும் ஓடிக்கொண்டிருந்த ஆலைகளை வாங்கியது. அகழி இருக்கிறதா என்று சோதிக்க இது ஒரு நல்ல கேள்வி: தொழில் தெரிந்தவர்கள் நுழையும்போது கட்டுகிறார்களா, வாங்குகிறார்களா? கட்டுவதைவிட அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், அந்த வித்தியாசம்தான் அகழியின் விலை.

எங்கே உடையும்

வளர்ச்சிதான் இந்த அகழியின் முதல் எதிரி. கேட்க விநோதமாக இருக்கும். வளரும் சந்தை என்றால் முதலீட்டாளர்கள் கொண்டாடுவார்கள். நம் வட்டத்தில் தேவை 300 டன்னிலிருந்து 600 டன் ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். போட்டியாளர் பாதியைப் பிடித்தாலே முழு அளவு 300 டன் ஆலையை நிரப்பிவிடலாம். அவருடைய செலவு 179, விலை 190. கதவு திறந்துவிட்டது. இரண்டு பேருக்கு இடம் இல்லாத சந்தைதான் ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நிலையான, சற்றே சலிப்பூட்டும் சந்தைகளில் இந்த வகை அகழி ஆழமாகவும், வேகமாக வளரும் சந்தைகளில் மேலோட்டமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது ஆபத்து, வட்டத்துக்குள் இன்னோர் உருக்காலை வருவது. அதற்கு வாயு கொடுக்கும் ஒப்பந்தத்தைப் போட்டியாளர் வென்றுவிட்டால், அவருக்கும் அடிப்படை ஆலைக்கான பணம் இன்னொருவரிடமிருந்து வந்துவிடும். திரவமாக்கும் பகுதியைக் கூடுதல் செலவில் ஒட்டிக்கொள்ளலாம். அன்றிலிருந்து அவருடைய செலவும் 129க்கு அருகில். ஆகவே அனுபவமுள்ள நிறுவனங்கள் வட்டத்துக்குள் வரும் பெரிய ஆலை ஒப்பந்தங்களை மிக மெல்லிய லாபத்துக்கும் கேட்கும். அந்த ஒப்பந்தத்தை மட்டும் தனியே பார்த்தால் முட்டாள்தனமாகத் தோன்றும். சுற்றியுள்ள திரவ வியாபாரத்தைக் காப்பதற்கான செலவாகப் பார்த்தால் புரியும்.

பேராசை இன்னொன்று. விலையை 190இலிருந்து 250க்கு ஏற்றினால் சில ஆண்டு கொழுத்த லாபம் வரும், ஆனால் 241 டாலர் செலவுள்ள சிறு ஆலைக்கும் அழைப்பு அனுப்பியதாகிவிடும். அந்த ஆலை ஒருமுறை கட்டப்பட்டுவிட்டால் அதன் பணமும் மண்ணில் புதைந்துவிடும். பிறகு அதுவும் 70 டாலர் வரை இறங்கிச் சண்டை போடும், போகவே போகாது.

கீழிருந்தும் ஓர் அரிப்பு உண்டு. நைட்ரஜன் நிறைய வாங்கும் நடுத்தர வாடிக்கையாளர், தன் வளாகத்திலேயே பி.எஸ்.ஏ. கருவி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இது குளிர்விப்பதில்லை. அழுத்திய காற்றைக் கார்பன் துகள்கள் வழியே செலுத்தினால் துகள்கள் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், நைட்ரஜன் வெளியே வரும். திரவமாக்கும் செலவு, வண்டிச் செலவு இரண்டும் மிச்சம். 99 சதவீதத் தூய்மை போதும் என்பவருக்கு இது சரியான மாற்று. தூய்மை கூடக் கூடக் காற்றும் மின்சாரமும் வீணாவது ஏறும் என்பதால் மிக உயர்ந்த தூய்மை கேட்பவர் திரவத்தையே நம்புவார். ஆக்சிஜனில் எல்லை இன்னும் கறாரானது. இங்கே நைட்ரஜனைப் பிடிக்கும் ஜியோலைட் துகள்கள் ஆர்கானைப் பிரிப்பதில்லை, எனவே வழக்கமான கருவியில் ஆக்சிஜன் 95 சதவீதத்துக்கு மேல் போகாது. இந்த மாற்றை வாயு நிறுவனங்கள் எதிர்த்து நிற்பதில்லை. தாங்களே அந்தக் கருவியை வைத்து, இயக்கி, மாதக் கட்டணம் வாங்குகிறார்கள். லாபம் கொஞ்சம் குறைந்தாலும் வாடிக்கையாளர் கைவிட்டுப் போகவில்லை.

அறிக்கையில் எதைப் பார்ப்பது

லாப விகிதம் உயர்ந்திருப்பது மட்டும் அகழிக்குச் சான்றாகாது. சந்தை சூடாக இருக்கும்போது எல்லோருக்கும்தான் லாபம். தேவை விழும்போது விலை என்ன ஆகிறது என்பதுதான் பயனுள்ள சோதனை. பெரிய வாயு நிறுவனங்கள் தங்கள் விற்பனை மாற்றத்தை அளவு, விலை, எரிசக்திச் செலவை வாடிக்கையாளருக்குக் கடத்தியது, நாணய மாற்று என்று பிரித்துக் காட்டுகின்றன. 2020இல் பெருந்தொற்றால் தொழிற்சாலைகள் முடங்கியபோது லிண்டே விற்ற அளவு குறைந்தது, விலை உயர்ந்தது. காலியாக நிற்கும் ஆலையை நிரப்ப யாரும் விலையை வெட்டிக்கொண்டு ஓடவில்லை. எஃகிலோ சிமெண்டிலோ இப்படி நடப்பது அபூர்வம்.

இப்படிக் கடத்தப்படும் எரிசக்திச் செலவைத் தனியே வைத்துப் பார்ப்பது முக்கியம். மின்சார விலை ஏறும் ஆண்டில் விற்பனை பெருகியதாகத் தோன்றும், ஆனால் அந்தப் பணம் அப்படியே மின் நிறுவனத்துக்குப் போகிறது, லாபம் கூடுவதில்லை. லாப விகிதம்கூடக் கணக்கில் குறைந்து தெரியும். இதைப் பார்த்து 'அகழி சிதைகிறது' என்று எழுதுபவர்கள் உண்டு. மின்சார விலை இறங்கும் ஆண்டில் அதே காரணத்தால் விகிதம் ஏறும், அப்போது 'அகழி ஆழமாகிறது' என்பார்கள்.

அதே நிறுவனம், அகழி இல்லாத இடம்

அகழி நிறுவனத்தின் பெயரில் இல்லை, அது போடும் ஒவ்வொரு திட்டத்தின் அமைப்பிலும் இருக்கிறது என்பதற்கு ஏர் புராடக்ட்ஸ் நல்ல சான்று. 1940இல் லெனர்ட் பூல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் அது. வாடிக்கையாளரின் வளாகத்துக்குப் பக்கத்திலேயே வாயு ஆலையை நிறுவி, நீண்ட காலத்துக்கு வாடகை போன்ற கட்டணம் வாங்கும் முறையில் வளர்ந்தது. அந்த ஒப்பந்தங்கள் பொதுவாக 15, 20 ஆண்டுகளுக்குப் போடப்படும். வாயுவை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. மின்சார விலை ஏற்றம் வாடிக்கையாளர் தலையில். பணத்தைப் போடும் முன்பே அதைத் திருப்பித் தரப்போகிறவரின் கையெழுத்து வாங்கியாகிவிடும்.

2020 வாக்கில் அந்நிறுவனம் தூய ஹைட்ரஜன் மீது பெரிய பந்தயம் கட்டியது. சவூதி அரேபியாவின் நியோமில் அமையும் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தில் பங்குதாரர் ஆனதோடு, அந்த ஹைட்ரஜனிலிருந்து அங்கு உற்பத்தியாகும் அமோனியா முழுவதையும் தானே வாங்கி விற்பதாகவும் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவின் லூசியானாவில் பல நூறு கோடி டாலரில் இன்னொரு ஹைட்ரஜன் திட்டம். பழைய முறையில் வாடிக்கையாளர் முதலில், ஆலை பிறகு. இங்கே ஆலை முதலில், வாடிக்கையாளர் பிறகு வருவார் என்ற எதிர்பார்ப்பு. அமோனியா கப்பலேறி உலகம் முழுக்கப் போகும், எனவே தூரம் தரும் பாதுகாப்பு கிடையாது. மலிவான காற்றாலை, சூரிய மின்சாரம் உள்ள எந்த நாட்டிலும் யாரும் அதையே கட்டலாம். தொழில்நுட்பத் திறமை அதே நிறுவனத்தின் அதே திறமைதான்.

2025 ஜனவரிப் பங்குதாரர் கூட்டத்தில், மேண்டில் ரிட்ஜ் என்ற முதலீட்டு நிறுவனம் முன்னிறுத்திய மூன்று பேர் இயக்குநர் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நீண்ட காலத் தலைவர் சைஃபி கசெமி குழுவில் தன் இடத்தை இழந்தார். பிப்ரவரியில் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர், முன்பு லிண்டேயில் இருந்த எட்வார்டோ மெனெசெஸ். அதே மாதம் அமெரிக்காவில் மூன்று திட்டங்களிலிருந்து விலகுவதாக அறிவித்த நிறுவனம், அதற்காக வரிக்கு முன் 310 கோடி டாலர் வரை இழப்பெழுத வேண்டியிருக்கும் என்றது. விலகிய மூன்றில் ஒன்று, நியூயார்க் மாநிலத்தின் மசீனாவில் நாளுக்கு 35 டன் திரவ ஹைட்ரஜன் தயாரிக்கத் திட்டமிடப்பட்டிருந்த ஆலை.